காலியும் சைபரும்: ஒரு சமக்குறியின் கதை

நாமக்கல்லின் எஸ்.டி.டி. குறியீடு 04286. லேண்ட்லைன் போன் ஓடிய காலத்தில் வெளியூர்ச் சொந்தங்களுக்கு நம்பர் கொடுக்கும்போது, முன்னால் நிற்கும் சைபரையும் சேர்த்துத்தான் சொல்வோம். அதை விட்டால் போன் போகாது. அந்தக் குறியீட்டை ஜாவாஸ்க்ரிப்ட் மொழியிடம் கொடுத்து மூன்று கேள்விகள் கேட்டால் இப்படி இருக்கும்:

```
"04286" == 4286
4286 == "4286"
"04286" == "4286"
```

முதல் வரிக்கு விடை `true`. இரண்டாவதுக்கும் `true`. மூன்றாவதுக்கு `false`. அதாவது முதல் ஆள் இரண்டாம் ஆளுக்குச் சமம், இரண்டாம் ஆள் மூன்றாம் ஆளுக்குச் சமம், ஆனால் முதல் ஆளும் மூன்றாம் ஆளும் சமமில்லை. பள்ளிக்கூடத்தில் சமக்குறியைப் பற்றி நாம் படித்த முதல் விஷயத்தையே இது உடைத்துவிடுகிறது.

சேலத்திலிருந்து ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் என்று போகும் சாலைகளில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. நான் நிரல் எழுதிப் பிழைக்கிறவன். சனிக்கிழமைகளில் இறுதியாண்டுப் பிள்ளைகள் சிலருக்கு கேம்பஸ் இண்டர்வியூவுக்குச் சொல்லித் தருகிறேன். அவர்கள் கையில் எப்போதும் ஒரு ஜெராக்ஸ் கட்டு இருக்கும். சீனியர்கள் விட்டுப்போன கேள்விகள். அதில் ஜாவாஸ்க்ரிப்ட் பகுதி வந்தால் பாதி இந்த மாதிரிதான்: எண்ணையும் எழுத்துச்சரத்தையும் ஒப்பிடு, காலியையும் சைபரையும் ஒப்பிடு, `null`-ஐயும் சைபரையும் ஒப்பிடு, விடை என்ன? பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் பண்ணுகிறார்கள். "இதுல லாஜிக் எதுவும் இல்லீங்ணா, அப்படியே உருப்போட்டுக்க வேண்டியதுதான்" என்று ஒரு பையன் சொன்னான்.

லாஜிக் இருக்கிறது. ஆனால் அதைத் தேட வேண்டிய இடம் கணக்குப் புத்தகம் இல்லை, வரலாறு.

விதி என்ன சொல்கிறது

முதலில் விதியைப் பார்த்துவிடலாம். இரட்டைச் சமக்குறியின் இரு பக்கமும் ஒரே வகையாக இருந்தால் மாற்றம் எதுவும் நடக்காது. இரண்டும் எழுத்துச்சரம் என்றால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஒரு பக்கம் எண், மறுபக்கம் எழுத்துச்சரம் என்றால், எழுத்துச்சரத்தை எண்ணாக மாற்றிவிட்டுப் பிறகு ஒப்பிடும்.

நம் மூன்று வரிகளும் இதிலேயே தீர்ந்துவிடுகின்றன. முதல் வரியில் "04286" எண்ணாக மாறும்போது முன்னால் இருக்கும் சைபர் உதிர்ந்து 4286 ஆகிறது. இரண்டாவது வரியும் அதே கதைதான். மூன்றாவது வரியில் இரண்டு பக்கமும் எழுத்துச்சரம். யாரும் யாரையும் மாற்றவில்லை. ஒன்றில் ஐந்து எழுத்து, மற்றதில் நான்கு. சமமில்லை. ஒவ்வொரு வரியிலும் விதி சரியாகவே வேலை செய்கிறது. ஆனால் வரிக்கு வரி ஓடுவது வேறு வேறு விதி. அந்த மாற்றம் நம் கண்ணுக்குத் தெரியாமல் ஒரே குறிக்குப் பின்னால் நடக்கிறது.

மேற்கோள்குறியை எடுத்துவிட்டால் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. உலாவியில் எஃப்12 தட்டி கன்சோலைத் திறந்து சேலத்தின் குறியீட்டை `0427` என்று வெறும் எண்ணாகத் தட்டிப் பாருங்கள். 279 என்று வரும். `04286` என்று தட்டினால் 4286 வரும். முன்னால் சைபர் போட்ட எண்ணை எட்டின் அடிமானத்தில் படிப்பது சி மொழிக் காலத்துப் பழக்கம். அந்த முறையில் 427 என்பது நாலு அறுபத்து நாலு, இரண்டு எட்டு, ஒரு ஏழு. கூட்டினால் 279. நாமக்கல் குறியீட்டில் 8 என்ற இலக்கம் இருப்பதால் அதை அப்படிப் படிக்க முடியாது, சாதாரண எண்ணாகவே விட்டுவிடுகிறது. ஆக `"0427" == 0427` என்பது `false`, `"04286" == 04286` என்பது `true`. ஸ்ட்ரிக்ட் முறையில் இப்படி எழுதவே அனுமதியில்லை. பழைய முறையில் இன்றும் ஓடும். ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு ஊர்கள், இரண்டு விடைகள்.

1995 மே மாதம்

பிரெண்டன் ஐக் என்ற நிரலாளர் 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பத்தே நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். அப்போது அதன் பெயர் மோக்கா. பிறகு லைவ்ஸ்க்ரிப்ட் ஆனது. அந்த ஆண்டு டிசம்பரில் ஜாவாஸ்க்ரிப்ட் என்று பெயர் மாறியது. அதே 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியது. மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி, ஒரு பக்கம் திறக்கவே நேரம் பிடித்த காலம்.

அந்த மெதுவான இணைப்புதான் இந்த மொழிக்குக் கிடைத்த முக்கியமான வேலைகளில் ஒன்றுக்குக் காரணம். ஒருவர் விண்ணப்பப் படிவத்தை நிரப்பி அனுப்புகிறார். வயதுக் கட்டத்தில் எதையோ தப்பாகப் போட்டுவிட்டார். அது தொலைதூரத்துக் கணினிக்குப் போய், அங்கே தப்பு என்று தெரிந்து, திரும்பி வர வேண்டும். அதற்குப் பதில் உலாவியிலேயே சரிபார்த்துவிட்டால்? அதற்கு ஒரு சின்ன மொழி வேண்டும். நிரலாளர் அல்லாதவர்களும் இரண்டு வரி எழுதும்படி எளிதாக இருக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். படிவத்தின் கட்டத்தில் நீங்கள் 18 என்று தட்டினாலும் நிரலுக்கு வந்து சேர்வது "18" என்ற எழுத்துச்சரம். கட்டத்துக்கு எண் என்றால் என்னவென்று தெரியாது. நிரல் எழுதுகிறவரோ `18` என்ற எண்ணோடு ஒப்பிட விரும்புகிறார். ஒவ்வொரு தடவையும் மாற்று என்று சொல்லச் சொன்னால் அலுப்பு. நெட்ஸ்கேப்புக்குள் மொழியை முதலில் கையாண்ட சிலர், எண்ணையும் எழுத்துச்சரத்தையும் மாற்றாமலே ஒப்பிட வழி கேட்டதாகவும், தான் இணங்கிவிட்டதாகவும், அதற்காக வருந்துவதாகவும் ஐக் பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இதே சிக்கல் பெர்ல் மொழிக்கும் இருந்தது. அவர்கள் வேறு வழி பிடித்தார்கள். எண்ணாக ஒப்பிட `==`, எழுத்தாக ஒப்பிட `eq` என்று இரண்டு குறிகள். எழுதுகிறவரே எதைக் கேட்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும். ஜாவாஸ்க்ரிப்டில் ஒரே குறி. எதிரில் வருபவரின் முகத்தைப் பார்த்து அது தானாகவே முடிவெடுக்கிறது. அந்தக் கேள்வித்தாளில் இருக்கும் புதிர்களில் பெரும்பாலானவை இந்த ஒற்றை முடிவின் பிள்ளைகள்.

திருத்தப் பார்த்தார்கள்

பலருக்குத் தெரியாத பகுதி இது. நெட்ஸ்கேப் 1997-ல் தன் நான்காம் பதிப்பு உலாவியோடு ஜாவாஸ்க்ரிப்ட் 1.2 கொண்டுவந்தது. அதில், பக்கத்தின் ஸ்க்ரிப்ட் குறிச்சொல்லில் `language="JavaScript1.2"` என்று எழுதினால் இரட்டைச் சமக்குறி எதையும் மாற்றாது. எண்ணும் எழுத்துச்சரமும் வேறு வேறு. முடிந்தது கதை என்று இருந்திருக்கலாம்.

ஆனால் அதே 1997 ஜூனில் எக்மா என்ற தர அமைப்பு இந்த மொழிக்கான முதல் தரநூலை வெளியிட்டது. எக்மா-262. அதில் இடம்பிடித்தது பழைய, மாற்றி ஒப்பிடும் சமக்குறிதான். அதற்குள் மைக்ரோசாஃப்டின் உலாவியும் இந்த மொழியை ஓட்டத் தொடங்கியிருந்தது. பழைய நடத்தையை நம்பி எழுதப்பட்ட பக்கங்கள் வலை முழுக்கப் பரவியிருந்தன. நெட்ஸ்கேப் அடுத்த பதிப்பான 1.3-ல் தரநூலுக்கே திரும்பியது. 1999 டிசம்பரில் வந்த தரநூலின் மூன்றாம் பதிப்பு `===` என்ற மூன்று கோட்டுச் சமக்குறியைச் சேர்த்தது. பழைய குறியைத் திருத்த முடியாததால் பக்கத்திலேயே புதுசாக ஒன்றை நட்டுவைத்தார்கள்.

ஏன் திருத்த முடியவில்லை என்பதற்கு பிஹெச்பி மொழியோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும். அங்கேயும் 0 என்பதும் காலி எழுத்துச்சரமும் சமம் என்று வெகுகாலம் இருந்தது. 2020 நவம்பரில் வந்த பிஹெச்பி 8-ல் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது சமமில்லை. அவர்களால் முடிந்ததற்குக் காரணம் எளிது. பிஹெச்பி ஓடுவது தளத்தை நடத்துகிறவரின் கணினியில். எந்தப் பதிப்பு, எப்போது மாறுவது என்று அவர் தீர்மானிக்கிறார். உடைந்தால் அவரே சரிபண்ணிக்கொள்வார். ஜாவாஸ்க்ரிப்ட் ஓடுவது வாசகரின் உலாவியில். 1998-ல் யாரோ எழுதி, பிறகு தொடாமல் விட்ட பக்கத்தையும் இன்றைய உலாவி திறந்தாக வேண்டும். மொழியை மாற்றினால் உடைவது எழுதியவரின் நிரல், கஷ்டப்படுவது அந்தப் பக்கத்தைத் திறக்கும் மூன்றாம் மனிதர். அதனால் இரட்டைச் சமக்குறி அப்படியே நிற்கிறது.

கோழிப்பண்ணைக் கணக்கு

இதெல்லாம் தேர்வுத்தாளோடு போய்விட்டால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. மோகனூர் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் தினசரிக் கணக்கைப் போனில் பதிவதற்கு ஒரு சின்ன நிரல் வைத்திருந்தார்கள். யாரோ எழுதிக்கொடுத்தது. பிற்பாடு அதைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ஷெட் வாரியாகத் தீவனம், முட்டை, செத்த கோழி என்று மூன்று கட்டங்கள். முதலாளி வீட்டில் இருந்தபடி பார்க்க ஒரு பலகை. சாவு இல்லையென்றால் அந்த ஷெட் பச்சையாகத் தெரியும்.

முட்டைக்கோழி வளர்க்கிறவர்களுக்கு இந்தச் சாவுக் கணக்கு சாதாரணமானது இல்லை. பத்தாயிரம் கோழி இருக்கும் ஷெட்டில் தினம் இரண்டு மூன்று சாவது வழக்கம்தான். அது திடீரென்று ஏறினால் நோய் நுழைந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் தாமதமாகத் தெரிந்தாலும் பக்கத்து ஷெட்டுக்குப் பரவிவிடலாம்.

முதலாளியம்மாவுக்குச் சந்தேகம் வந்தது நிரலைப் பார்த்து அல்ல, பலகையைப் பார்த்து. "மூணு நாளா ஒரு கோழி கூட சாகலைங்குது. அது எப்படிங்க தம்பி? நாங்க முப்பது வருசமா கோழி வளக்கறோம்." சூப்பர்வைசரைக் கேட்டால், "அந்த ஷெட்டுக்கு ஆள் வரலீங்க. எண்ணல. அதனால ஒண்ணும் போடலீங்க" என்றார். அவர் சொன்னது சரி. எண்ணாததை அவர் எண்ணியதாகப் போடவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டார். நிரலில் இருந்தது இது:

```
if (dead == 0) {
  color = "green";
}
```

`dead` என்பது கட்டத்திலிருந்து வந்த எழுத்துச்சரம். சூப்பர்வைசர் 0 என்று தட்டியிருந்தால் "0". காலியாக விட்டால் "". எதிரில் எண் இருப்பதால் இரண்டும் எண்ணாக மாறும். மாற்றும்போது ஜாவாஸ்க்ரிப்ட் முதலில் இரு ஓரத்து வெற்றிடங்களை உரித்துவிடுகிறது. மிச்சம் எதுவும் இல்லையென்றால் மதிப்பு சைபர். ஆக "எண்ணவில்லை" என்பதும் "ஒன்றும் சாகவில்லை" என்பதும் ஒரே பச்சை. ஜெராக்ஸ் கட்டில் `"" == 0` என்று ஒரு வரியாக இருக்கும் கேள்வி இங்கே ஒரு ஷெட்.

பையன்களிடம் இதைக் காட்டி எப்படிச் சரிசெய்வாய் என்று கேட்டால், உடனே "மூணு ஈக்வல் போட்டுடலாம்ங்ணா" என்பார்கள். போட்டுப் பார்க்கலாம். `dead === 0` என்றால் இப்போது "0" கூடச் சமமில்லை, ஏனென்றால் அது எழுத்துச்சரம். எந்த ஷெட்டும் எப்போதும் பச்சையாகாது. அடுத்து, "அப்ப எண்ணா மாத்திட்டு ஒப்பிடலாம்" என்று `Number(dead) === 0` எழுதுவார்கள். பழைய தப்பு அப்படியே திரும்பி வந்துவிடும். `Number("")` என்பதும் சைபர்தான். மூன்று கோடு நம்மைக் காப்பாற்றவில்லை. பிழை சமக்குறியிலிருந்து மாற்றும் இடத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான்.

சரியான வழியில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பதிந்தாரா? பதிந்திருந்தால் எவ்வளவு?

```
if (dead.trim() === "") {
  color = "grey";
} else if (Number(dead) === 0) {
  color = "green";
}
```

இதே பண்ணையில் இன்னொன்றும் இருந்தது. நேற்றைவிட இன்று சாவு கூடினால் எச்சரிக்க வேண்டும். நேற்று 9, இன்று 12. இரண்டும் கட்டத்திலிருந்து வந்தவை, அதனால் இரண்டும் எழுத்துச்சரம். `"12" > "9"` என்று கேட்டால் விடை `false`. அகராதியில் சொற்களை வரிசைப்படுத்துவது போல முதல் எழுத்தை மட்டும் பார்த்து, 1 என்பது 9-க்கு முன்னால் வரும் என்று முடிவெடுத்துவிட்டது. 3-லிருந்து 5 ஆனபோது எச்சரிக்கை ஒழுங்காக வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒற்றை இலக்கம் இரட்டை இலக்கமாகும்போது, அதாவது நிஜமாகவே ஆபத்து வரும்போதுதான் அது வாய் மூடியிருக்கும்.

மூன்றாவது ஆள்

கேள்வித்தாளில் பிள்ளைகளை அதிகம் திணறடிப்பது `null`. எதுவும் இல்லை என்பதைச் சொல்ல நிரலாளர்கள் வேண்டுமென்றே வைக்கும் மதிப்பு இது. காலி எழுத்துச்சரம் சைபருக்குச் சமம் என்றால் இதுவும் சமமாக வேண்டும் என்று யாரும் நினைப்பார்கள்.

```
null == 0
null > 0
null >= 0
```

விடைகள் `false`, `false`, `true`. பெரியதும் இல்லை, சமமும் இல்லை, ஆனால் பெரியது அல்லது சமம்!

இதற்கும் காரணம் உண்டு. இரட்டைச் சமக்குறியின் விதியில் `null`-க்குத் தனி வரி இருக்கிறது. அது `undefined` என்ற தன் பங்காளிக்கு மட்டும் சமம், எண்ணாக மாறாது. அதனால் முதல் வரி `false`. பெரிது, சிறிது என்று கேட்கும் குறிகளில் அந்தத் தனி வரி கிடையாது. அங்கே இரண்டு பக்கமும் எழுத்துச்சரமாக இல்லாவிட்டால் எண்ணாக மாற வேண்டும். `null` எண்ணாக மாறினால் சைபர். இதுவும் சி மொழியிலிருந்து வந்த வழக்கம். சைபர் சைபரைவிடப் பெரியதில்லை, ஆகவே இரண்டாவது `false`. மூன்றாவது வரியில் மொழி சமத்தைக் கேட்பதே இல்லை. "சிறியதா?" என்று கேட்டு, விடையைத் திருப்பிப் போடுகிறது. சைபர் சைபரைவிடச் சிறியதில்லை, ஆக `true`. குறியில் கோடு இருக்கிறதே தவிர, உள்ளே சமக்குறி வேலை செய்யவில்லை.

`undefined` எண்ணாக மாறினால் `NaN`, அதாவது எண் அல்லாத ஒன்று. அதனிடம் பெரிதா, சிறிதா, சமமா என்று எதைக் கேட்டாலும் `false`. ஆக இல்லாமையைச் சொல்ல இந்த மொழியில் மூன்று வழிகள். காலி எழுத்துச்சரம் சைபராகிவிடும். `null` சில இடத்தில் ஆகும், சில இடத்தில் ஆகாது. `undefined` ஆகவே ஆகாது.

காலியும் சைபரும் குழம்புவது ஜாவாஸ்க்ரிப்ட் கண்டுபிடித்ததும் இல்லை. சூன்யம் என்ற சம்ஸ்கிருதச் சொல்லுக்கு வெறுமை என்று பொருள். அரபியர் அதை சிஃப்ர் என்று மொழிபெயர்த்தார்கள். அதுவும் காலி என்றுதான் பொருள்படும். அது ஐரோப்பா சுற்றி நம் பேச்சில் சைபராக வந்து உட்கார்ந்திருக்கிறது. பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்ததால் காலி இடத்தை நிரப்ப ஒரு குறி தேவைப்படவில்லை. இடத்தை நிரப்ப வந்த சைபர் பிறகு தானே ஓர் எண்ணாகவும் ஆனது. அந்த இரண்டு வேலையும் இன்னும் ஒரே ஆளிடம் இருக்கிறது.

பண்ணையில் போன் வருவதற்கு முன்னால் ஒரு நீள நோட்டு இருந்தது. சூப்பர்வைசர் எனக்குக் காட்டினார். சாவு இல்லாத நாளில் 0. எண்ணாத நாளில் ஒரு சின்னக் கோடு. யாரும் சொல்லிக்கொடுக்காமலே இரண்டையும் பிரித்து வைத்திருந்தார்கள். "போன்லயும் மொதல்ல கோடுதானுங்க போட்டேன்" என்றார்.

போட்டிருக்கிறார். `Number("-")` என்பது `NaN`, அது எதற்கும் சமமாகாது. அந்த ஷெட் பச்சையாகியிருக்காது. ஆனால் அந்தக் கட்டம் எண்ணுக்கு மட்டுமான `type="number"` கட்டம். எண் அல்லாத எதைத் தட்டினாலும் உலாவி அதை நிரலிடம் கொடுக்காது. அதற்குப் பதிலாகக் காலி எழுத்துச்சரத்தைக் கொடுக்கும். அவர் போட்ட கோடு காலியானது. காலி சைபரானது. சைபர் பச்சையானது.